இடமாற்ற உத்தரவு வந்துவிட்டதா? நிறுவனத்தின் கொள்கையை ஒரே பக்கத்தில் சுருக்கிக்கொள்ளுங்கள்

தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு வேறு மாநிலத்துக்கு இடமாற்றம் வந்தால், உத்தரவோடு கூடவே ‘இடமாற்றக் கொள்கை’ என்று பல பக்கங்கள் கொண்ட ஒரு கோப்பும் வரும். படிகள், வரம்புகள், விதிவிலக்குகள் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் நமக்குத் தேவையான வரிசையில் இருக்காது. எனக்கு அது வந்தபோது, லாரி ஏற்பாடும் பள்ளிக்கூடத் தேடலும் நடந்துகொண்டிருந்த பரபரப்பில், ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் கோப்பை முதலிலிருந்து புரட்ட வேண்டியிருந்தது. கிளெய்ம் இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டுக்குமே காரணம் கோப்பில் எங்கோ ஒரு வரியில் இருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான்: அந்தக் கோப்பை நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு தாளாக மாற்றுங்கள். யாருக்குத் தகுதி, என்னென்ன படிகள், எவ்வளவு வரை எந்தத் தேதிக்குள், எப்போது திருப்பித் தர வேண்டும். சாமான்களைக் கட்டத் தொடங்கும் முன்பே இந்தத் தாள் தயாராக இருக்க வேண்டும்.

விளக்குவதற்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு மாறுகிறார் ஓர் ஊழியர். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை. அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய். மொத்த ஆண்டுச் சம்பளம் சுமார் 18 இலட்சம், புதிய வரி முறையில் 20 சதவீத அடுக்கு. வரம்புகளும் தொகைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; இங்கே வருபவை கணக்கைக் காட்டுவதற்கான உதாரண எண்கள். உங்கள் கோப்பில் உள்ள எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள்

திருப்பிச் செலுத்தும் நிபந்தனை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் இருக்கும். சில நிறுவனங்களில் அது கோப்பிலேயே இருக்காது. நீங்கள் கையெழுத்திட வேண்டிய தனி உறுதிமொழிக் கடிதத்தில் இருக்கும். இதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் நிறுவனம் தரும் எந்தத் தொகையும் அந்தக் காலம் முடியும்வரை முழுமையாக உங்களுடையது அல்ல.

நிபந்தனை பொதுவாக இப்படி இருக்கும்: புதிய ஊரில் சேர்ந்து இத்தனை மாதங்களுக்குள் நீங்களாக வேலையை விட்டால், இடமாற்றச் செலவைத் திருப்பித் தர வேண்டும். இதில் நான்கு விஷயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கணக்கு எப்படி. நம் உதாரணத்தில் நிறுவனம் மொத்தம் 2,64,000 ரூபாய் செலவிட்டிருக்கிறது என்று வையுங்கள். அது எப்படி வந்தது என்பதைக் கீழே பார்ப்போம். நிபந்தனைக் காலம் 24 மாதம். 17 மாதம் முடிந்து ஊழியர் விலகுகிறார். மாத விகிதப்படி என்றால், மீதி 7 மாதத்துக்கு 77,000 ரூபாய் தர வேண்டும். ‘முதல் ஆண்டுக்குள் முழுத்தொகை, இரண்டாம் ஆண்டுக்குள் பாதி’ என்று எழுதியிருந்தால் அதே ஊழியர் 1,32,000 ரூபாய் தர வேண்டும். இரண்டையும் ‘இரண்டு ஆண்டு நிபந்தனை’ என்றுதான் அலுவலகத்தில் சொல்வார்கள்.

இரண்டு, காலம் எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளில் முடிகிறது. சேர்ந்த நாளிலிருந்தா, கடைசித் தொகை கைக்கு வந்த நாளிலிருந்தா? கிளெய்ம் தாமதமானால் இரண்டாவது வகையில் நிபந்தனைக் காலமும் நீண்டுபோகும். முடிவுக்கு, நீங்கள் விலகல் கடிதம் கொடுக்கும் நாளா, வேலையிலிருந்து விடுவிக்கப்படும் நாளா? மூன்று மாத நோட்டீஸ் காலம் உள்ள நிறுவனத்தில் இந்த ஒரு சொல் மூன்று மாதத் தொகையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

மூன்று, வரி பிடித்தபின் வந்த தொகையா, பிடிக்கும் முன் உள்ள தொகையா. 60,000 ரூபாய் குடியமர்வுப் படி என்று தாளில் இருக்கும். 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் போனால் கைக்கு வருவது 47,520 ரூபாய். திருப்பிக் கேட்கும்போது பெரும்பாலும் 60,000 ரூபாயைத்தான் அடிப்படையாக வைப்பார்கள். முந்தைய நிதியாண்டில் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. ‘கைக்கு வந்த தொகை மட்டும்’ என்ற திருத்தத்தைக் கையெழுத்திடும் முன் கேட்டுப் பாருங்கள். கையெழுத்திட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

நான்கு, யார் காரணமாக விலகல். நிறுவனமே வேலையிலிருந்து நீக்கினால், புனே அலுவலகத்தை மூடினால், உங்களை மறுபடியும் வேறு ஊருக்கு மாற்றினால் நிபந்தனை ரத்தாகிறதா என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருக்காவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அந்தத் தாளோடு சேர்த்துவையுங்கள். வாய்வார்த்தை போதாது. இன்று பதில் சொல்லும் அதிகாரியே இரண்டு வருடம் கழித்து அதே நாற்காலியில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

2. தகுதி: உத்தரவில் உள்ள ஒரு வரி

நிறுவனத்தின் தேவைக்காக இடமாற்றம் என்றால் எல்லாப் படிகளும் உண்டு. ஊழியர் கேட்டுப் பெற்ற இடமாற்றம் என்றால் பெரும்பாலும் எதுவும் இல்லை, அல்லது பயணச் சீட்டு மட்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கும் இதே நிலைதான்: சொந்தக் கோரிக்கையின் பேரில் மாறுபவருக்கு இடமாற்றப் பயணப்படி கிடையாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உள் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்து வேறு ஊர்ப் பதவிக்குத் தேர்வானால், அது யாருடைய தேவை? பதவி உயர்வோடு வந்தாலும் சில மனிதவளத் துறைகள் இதை ‘ஊழியர் விருப்பம்’ என்று பதிவுசெய்துவிடுகின்றன. ஆகவே உத்தரவில் ‘நிறுவனத்தின் வணிகத் தேவையின் பொருட்டு’ என்ற பொருளில் ஒரு வரியும், ‘இடமாற்றக் கொள்கைப்படி பலன்கள் பொருந்தும்’ என்ற வரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உத்தரவை ஏற்பதாகப் பதில் அனுப்பும் முன்பே திருத்தி வாங்குங்கள்.

அடுத்து குடும்பம். கொள்கையில் ‘குடும்பம்’ என்றால் வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் மட்டுமா, பெற்றோருமா? பெற்றோர் சேர்ந்தாலும் அவர்கள் உங்களைச் சார்ந்தவர்கள் என்று நிறுவனப் பதிவில் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பார்கள். மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுத்த பட்டியலைத்தான் வழக்கமாக ஒப்பிடுவார்கள். அம்மாவின் பெயர் அதில் இல்லையென்றால் டிக்கெட் எடுக்கும் முன் சேர்த்துவிடுங்கள்.

பதவி உயர்வும் இடமாற்றமும் ஒன்றாக வந்தால், எந்தப் படிநிலையின் வரம்பு பொருந்தும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. படிகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்

கோப்பில் எல்லாவற்றையும் ‘படி’ என்றே எழுதியிருப்பார்கள். உண்மையில் அவை மூன்று வகை. பில் காட்டினால் மட்டும் வருவது, பில் இல்லாமல் மொத்தமாக வருவது, கடனாக வருவது. உங்கள் தாளில் ஒவ்வொன்றின் அருகிலும் எந்த வகை என்று எழுதுங்கள். வரி, திருப்பிச் செலுத்துதல் இரண்டும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

நம் உதாரணத்தில் பில் காட்டிப் பெறுபவை நான்கு. சாமான்களைக் கட்டி அனுப்ப 75,000 ரூபாய் வரை. மூன்று பேருக்கும் ஒருவழி விமானக் கட்டணம், 24,000 ரூபாய் ஆனது. தற்காலிகத் தங்கல் நாளுக்கு 4,000 ரூபாய் வீதம் 15 நாள் வரை. 13 நாள் தங்கியதால் 52,000. வீட்டுத் தரகு ஒரு மாத வாடகை வரை. வாடகை 28,000 என்பதால் தரகும் 28,000.

இவற்றோடு பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக் கட்டணம் 25,000 ரூபாய் வரை. பில் காட்ட வேண்டும், ஆனால் வரியும் உண்டு. பில் இல்லாமல் மொத்தமாக வருவது ஒரு மாத அடிப்படைச் சம்பளமான குடியமர்வுப் படி, 60,000. கூட்டினால் 2,64,000 ரூபாய்.

கடனாக வருவது வீட்டு அட்வான்ஸ். அட்வான்ஸ் பிற்பாடு வீட்டுக்காரர் திருப்பித் தரும் தொகை என்பதால் நிறுவனங்கள் அதைச் செலவாக ஏற்பதில்லை. வட்டியில்லாக் கடனாகத் தந்து மாதத் தவணையில் பிடிப்பார்கள். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகை கேட்டு, கொள்கை இரண்டு மாதம்தான் தருகிறது என்றால் 28,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். இந்தக் கடன் மேலே சொன்ன 2,64,000-இல் சேராது. இடையில் விலகினால் மீதித் தவணை முழுவதையும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள்.

வரியைப் பொறுத்தவரை, இடமாற்றத்துக்கான பயணம், சாமான் கட்டுதல், அனுப்புதல் ஆகியவற்றுக்கு உண்மையில் செலவான தொகைக்கு வருமான வரி விலக்கு உண்டு. புதிய வரி முறையிலும் அந்த விலக்கு இருக்கிறது. இடமாற்றத்தின்போது ஓட்டலில் 15 நாள் வரை தங்கவைப்பதும் வரிக்குரிய சலுகையாகக் கணக்கிடப்படுவதில்லை. பல கொள்கைகளில் 15 நாள் என்று இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். குடியமர்வுப் படிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வரி உண்டு: 12,480-உம் 5,200-உம் சேர்ந்து 17,680 ரூபாய். தரகை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று சம்பளப் பிரிவில் கேட்டு, அந்தப் பதிலையும் எழுதிவையுங்கள்.

4. வரம்பும் கெடுவும்: கிளெய்ம் திரும்பி வரும் இடம்

அதிகமாகச் சிக்கல் வருவது சாமான் பில்லில்தான். கோயம்புத்தூரிலிருந்து புனேக்குச் சாலைவழி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். பேக்கர்ஸ் நிறுவனம் 68,000 ரூபாய் என்று மதிப்பீடு தருகிறது. வரம்பு 75,000 என்பதால் நிம்மதியாக ஒப்புக்கொள்கிறார் ஊழியர். பில் வரும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 80,240 ரூபாய். 5,240 ரூபாய் கையிலிருந்து போகிறது. மதிப்பீடு கேட்கும்போதே வரி சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் கொள்கையின் வரம்பு வரி உட்பட்டதா என்றும் கேளுங்கள்.

பல நிறுவனங்கள் மூன்று மதிப்பீடுகளும் முன் அனுமதியும் கேட்கும். அனுமதி மின்னஞ்சலின் தேதி, லாரி கிளம்பிய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ‘அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது’ என்ற விளக்கத்தைத் தணிக்கைக்காரர் ஏற்கமாட்டார்.

சாமான் அனுப்பியதற்குச் சேர்க்க வேண்டிய தாள்கள் இவை:

- ஜிஎஸ்டி எண்ணுள்ள பில். உங்கள் பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலும் அதன் ஜிஎஸ்டி எண்ணிலுமா என்பதை முன்பே கேட்டு, அப்படியே எழுதச் சொல்லுங்கள்.
- லாரி ரசீது. அனுப்புபவர் பெயர், புறப்பட்ட ஊர், சேரும் ஊர், தேதி, வண்டி எண் ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.
- எண் போட்ட சாமான் பட்டியல்.
- வங்கிவழி பணம் கட்டியதற்கான சான்று.

கட்ட வந்த ஆட்கள் அட்டைப்பெட்டிகளில் எண் எழுதும்போது கூடவே நில்லுங்கள். ‘சமையலறைச் சாமான், 1 பெட்டி’ என்று மொத்தமாக எழுதுவார்கள். கிரைண்டர் உடைந்து வந்தால் பட்டியலில் கிரைண்டர் என்ற சொல்லே இருக்காது. காப்பீடு என்று தனியாகத் தொகை வாங்கினால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் அது பேக்கர்ஸ் நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே. சரக்கு கட்டணத்தைத்தான் கொள்கை ஏற்கும், காப்பீட்டை ஏற்காது என்ற விதியும் சில இடங்களில் உண்டு, அதையும் பாருங்கள்.

தங்கலில் உள்ள பொறி நாள் கணக்கு. 15 நாள் என்பது நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக ஓடும் 15 நாளா, அல்லது எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் 15 நாளா? நம் வீடுகளில் முதலில் ஒருவர் போய்ச் சேருவார்; பிள்ளைக்குப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு குடும்பம் பிறகு கிளம்பும். தொடர்ச்சிக் கணக்கு என்றால் குடும்பம் வந்திறங்கும்போது தங்கல் நாட்கள் தீர்ந்திருக்கும். அப்படிப்பட்ட கொள்கையில், வீடு பார்த்து முடியும்வரை அலுவலக விருந்தினர் இல்லத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. விருந்தினர் இல்ல நாட்களும் அந்தப் 15-இல் சேருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தரகுக்கு ரசீது கிடைப்பது கடினம். பணமாகக் கொடுத்தால் ஒன்றுமே கிடைக்காது. வீடு காட்டும் முன்பே, வங்கிவழியாகத்தான் தருவேன், பான் எண்ணோடு ரசீது வேண்டும் என்று தரகரிடம் சொல்லிவிடுங்கள். மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வது கட்டாயம். 11 மாத ஒப்பந்தமாக இருந்தாலும் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் பலர் முத்திரைத் தாளில் கையெழுத்திட்டு விட்டுவிடும் பழக்கத்தில் இருப்பார்கள். புனேயில் பதிவான ஒப்பந்த நகல் இல்லாமல் தரகு கிளெய்மும் அட்வான்ஸ் கடனும் நகராது. பதிவுக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் யார் தருவது என்று கொள்கையில் இல்லாவிட்டால், பெரிய தொகை அல்ல, நீங்களே கட்டிவிட்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குக் கோயம்புத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், புனேயில் சாலை வரி கட்ட வேண்டும். வண்டியை ஏற்றி அனுப்பும் செலவைத் தரும் கொள்கைகள்கூட இந்தச் சாலை வரியைத் தராமல் விடுவதுண்டு. தொகை பெரியது, ஆகவே தாளில் தனியாக எழுதி, ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று குறியுங்கள்.

கடைசியாகக் கெடு. மத்திய அரசில் இடமாற்றப் பயணப்படிக்கு 60 நாள். தனியார் நிறுவனங்களில் அதுவோ 90 நாளோ இருக்கலாம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதுதான் கேள்வி: செலவான நாளா, நீங்கள் சேர்ந்த நாளா, குடும்பம் வந்த நாளா? சேர்ந்த நாளிலிருந்து என்றால், பள்ளி ஆண்டு முடியக் காத்திருந்து குடும்பத்தைப் பின்னால் அழைத்துவருபவருக்குக் கெடு முன்பே முடிந்துவிடும். அந்த நிலையில் இருப்பவர்கள், ‘குடும்பம் இன்ன மாதம் வரும், சாமான் கிளெய்மைப் பிறகு தருகிறேன்’ என்று சேர்ந்த வாரத்திலேயே எழுதி அனுமதி வாங்க வேண்டும். நிதியாண்டு முடிவில் மாறுபவர்கள் சம்பளப் பிரிவு பில்களை வாங்கும் கடைசி நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அது தவறினால் விலக்குள்ள தொகைக்கும் முதலில் வரி பிடித்துவிடுவார்கள். பிறகு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் மீட்க வேண்டும்.

5. தாளை எழுதி, ஒப்புதல் வாங்குங்கள்

இப்போது நம் உதாரண ஊழியரின் தாள் இப்படி இருக்கும்:

தகுதி: நிறுவனத் தேவை, உத்தரவில் அப்படி எழுதியிருக்கிறது. குடும்பம்: மூவர். படிநிலை: உத்தரவு நாளன்று உள்ளது.

படிகள்: பில்லுக்கு: சாமான், பயணம், தங்கல், தரகு, பள்ளி. மொத்தமாக: குடியமர்வுப் படி. கடன்: அட்வான்ஸ் 56,000, பத்துத் தவணை. வரி: குடியமர்வுப் படி, பள்ளி. தரகு: சம்பளப் பிரிவின் பதில் வர வேண்டும்.

வரம்பும் கெடுவும்: சாமான் 75,000 வரி உட்பட, முன் அனுமதி தேவை. தங்கல் 15 நாள், சேர்ந்த நாள் முதல் தொடர்ச்சியாக. தரகு ஒரு மாத வாடகை, பதிவான ஒப்பந்தத்தோடு. சாலை வரி இல்லை. எல்லாம் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள்.

திருப்பிச் செலுத்துதல்: 24 மாதம், சேர்ந்த நாள் முதல் விடுவிக்கப்படும் நாள் வரை, மாத விகிதம், வரிக்கு முந்தைய தொகை. நிறுவனம் நீக்கினால் இல்லை.

இதை அப்படியே மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, ‘கொள்கையை நான் இவ்வாறு புரிந்துகொண்டிருக்கிறேன், தவறு இருந்தால் திருத்தவும்’ என்று கேளுங்கள். நீண்ட கோப்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் ‘கொள்கையைப் பார்க்கவும்’ என்றுதான் பதில் வரும். பத்து வரியை அனுப்பினால் படித்து, தவறான வரியை மட்டும் திருத்தி அனுப்புவார்கள். பதில் வரவில்லையென்றால் உங்கள் மேலாளரையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்திடுவது அதன் பிறகே.

கிளெய்ம் எல்லாம் முடிந்து பணம் வந்ததும், எந்தத் தொகை எந்த நாளில் வந்தது, எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். தாளையும் மின்னஞ்சல்களையும் அலுவலக மடிக்கணினியில் மட்டும் வைக்காமல், நிறுவன விதி அனுமதிக்கும் அளவுக்கு அச்செடுத்து வீட்டிலும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விலகும் நாளில் கணக்கு அனுப்புவது நிறுவனம். அதைச் சரிபார்க்க அன்று உங்களுக்கு அலுவலக மின்னஞ்சல் திறக்காது.